எடுத்ததில் எது உயர்ந்ததோ அது: 70 சதவீதச் சான்றிதழின் கணக்கு

இணையவழிப் படிப்புகள் பலவற்றில் சான்றிதழுக்கு இரண்டு விதிகள் சேர்ந்தே வரும். மொத்தத்தில் 70 சதவீதம் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. குவிஸ்களை மறுபடி எழுதலாம், எத்தனை முறை எழுதினாலும் அவற்றில் உயர்ந்த மதிப்பெண் மட்டுமே கணக்கில் சேரும் என்பது இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எளிமையானவை. சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது.

முதல் விதியில் ‘மொத்தத்தில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குவிஸிலும் 70 எடுக்க வேண்டும் என்பதல்ல அதன் பொருள். குவிஸ், அசைன்மென்ட், இறுதித் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில் இத்தனை பங்கு என்று படிப்பை நடத்துபவர் முன்கூட்டியே வகுத்திருப்பார். அந்தப் பங்குகளின்படி கூட்டிவரும் தொகை 70-ஐத் தொட வேண்டும். ஆகவே ஒரு பகுதியில் தேறாதவர்கூட இன்னொரு பகுதியால் கரையேறிவிடலாம்.

இரண்டாம் விதிக்குப் பின்னால் ஒரு கல்விக் கொள்கை இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய கட்டுரையில், போதிய நேரமும் உதவியும் கிடைத்தால் வகுப்பில் பெரும்பாலோர் பாடத்தில் முழுத் தேர்ச்சி பெற முடியும் என்று வாதிட்டார். அந்த முறையில் ஒரு பாடப்பகுதி முடிந்ததும் சிறு தேர்வு நடக்கும். தவறிய இடங்களை மாணவர் திரும்பப் படிப்பார். பிறகு அதே பகுதியில் வேறு கேள்விகளோடு இன்னொரு தேர்வை எழுதுவார். 2012-இல் தொடங்கிய கோர்செரா நிறுவனத்தின் இணை நிறுவனர் டாப்னி கோலர், இந்தக் கொள்கையை வெளிப்படையாகவே முன்வைத்தவர். ஒரு மாணவர் சளைக்கும்வரை கணினி சளைக்காமல் திருத்தும் என்பதால், ஆசிரியருக்குக் கூடுதல் சுமையில்லாமல் மறுவாய்ப்பு கொடுக்க முடிந்தது. ஆனால் புளூமின் முறையில் இரண்டு தேர்வுகளுக்கும் நடுவே ‘திரும்பப் படிப்பது’ என்ற படி ஒன்று உண்டு. இணையப் படிப்பில் அந்தப் படியை மாணவரே விரும்பி ஏறினால்தான் உண்டு. ‘மறுபடி எழுது’ பொத்தானை அழுத்த இரண்டு விநாடி போதும்.

விதி எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு குவிஸை அமைக்கும்போது `Attempts allowed` என்ற இடத்தில் எத்தனை முறை எழுதலாம் என்றும், `Grading method` என்ற இடத்தில் எந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது என்றும் ஆசிரியர் குறிப்பிடுவார். பின்னதற்கு நான்கு தேர்வுகள் உண்டு: `Highest grade`, `Average grade`, `First attempt`, `Last attempt`. உயர்ந்தது, சராசரி, முதலாவது, கடைசி. இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்து ஒரே மாணவரின் தலையெழுத்து மாறும்.

உதாரணமாக ஒரு படிப்பில் ஐந்து குவிஸ்கள், ஒவ்வொன்றும் 10 மதிப்பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்வோம். குவிஸ்களுக்கு மொத்தத்தில் 40 சதவீதம், அசைன்மென்ட்களுக்கு 30, ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய இறுதித் தேர்வுக்கு 30. ஒரு மாணவி முதல் குவிஸில் 5 எடுத்து, மறுபடி எழுதி 8 எடுக்கிறார். இரண்டாவதில் 6, பிறகு 9. மூன்றாவதில் 7 எடுத்துவிட்டு இன்னும் கூட்டலாம் என்று எழுதியபோது 6-க்கு இறங்கிவிடுகிறது. நான்காவதில் 4, 6, 8 என்று மூன்று முறை. ஐந்தாவதில் முதல் முறையே 9, அதோடு நிறுத்திக்கொள்கிறார். அசைன்மென்ட்களில் அவர் எடுத்தது 72 சதவீதம், இறுதித் தேர்வில் 54.

உயர்ந்த மதிப்பெண்களைக் கூட்டினால் 8, 9, 7, 8, 9, ஆக 50-க்கு 41. அது 82 சதவீதம். 40 பங்குக்கு 32.8 வருகிறது. அசைன்மென்ட் 21.6, இறுதித் தேர்வு 16.2. மொத்தம் 70.6. சான்றிதழ் உண்டு.

அதே படிப்பில் கடைசி முயற்சிதான் கணக்கு என்றால், மூன்றாவது குவிஸில் 7-க்குப் பதில் 6 நிற்கும். மொத்தம் 69.8 ஆகிவிடும். சான்றிதழ் இல்லை. சராசரி என்றால் 66.2, முதல் முயற்சி என்றால் 62.6. உயர்ந்ததை எடுப்பதன் உண்மையான பயன் இங்கே தெரிகிறது. கையிலிருக்கும் 7 போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் மறுபடி எழுதிப் பார்க்க முடிகிறது. கடைசி முயற்சி கணக்கு என்றால், ஓரளவு நல்ல மதிப்பெண் எடுத்தவர் அதன்பின் அந்தக் குவிஸின் பக்கமே போகமாட்டார்.

இந்த மாணவி இறுதித் தேர்வுக்கு முன் என்ன கணக்குப் போட்டிருக்கலாம்? கையில் இருப்பது 54.4. இன்னும் வேண்டியது 15.6. அதாவது இறுதித் தேர்வில் 52 சதவீதம். அவர் எடுத்தது 54 என்பதால் தப்பித்தார். குவிஸில் ஒரு மதிப்பெண் கூடினால் மொத்தத்தில் 0.8 கூடும். மூன்றாவது குவிஸை மட்டும் திரும்பப் படித்து 10 எடுத்திருந்தால் 2.4 கூடியிருக்கும்; இறுதித் தேர்வில் 44 சதவீதமே போதுமானதாக இருந்திருக்கும். திரும்ப எழுதக்கூடிய இடத்தில் மதிப்பெண் தேடுவது, ஒரே வாய்ப்புள்ள இடத்தில் தேடுவதைவிட மலிவு. ஆனால் எழுதாமலே விட்ட குவிஸுக்கு இந்தச் சலுகை உதவாது. கெடு தேதி தாண்டினால் பூஜ்யம், ஒரே அடியில் 8 போய்விடும்.

மதிப்பெண் பக்கத்தை வாசிப்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தசமத்தை மறைத்துக் காட்டும் பக்கங்கள். மேலே கண்ட 69.8, தசமம் இல்லாத திரையில் 70 என்றே தெரியும். உள்ளே ஒப்பிடப்படுவது 69.8 என்றால் சான்றிதழ் வராது. ‘70 காட்டுகிறதே, ஏன் வரவில்லை?’ என்று கேட்பவர்கள் முதலில் தசமத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட மோசமானது. மூடுலில் `Exclude empty grades` என்று ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கும்போது, இன்னும் மதிப்பெண் விழாத பகுதிகளை விட்டுவிட்டு, எழுதியவற்றை மட்டும் வைத்து மொத்தம் கணக்கிடப்படும். முதல் இரண்டு குவிஸ்களில் 90 சதவீதம் எடுத்தவரின் மொத்தமும் 90 என்றே தெரியும். ஏற்கெனவே தேறிவிட்டதாக நினைத்து அவர் அசைன்மென்ட்டை விட்டுவிட்டால், படிப்பு முடிந்து எல்லாம் சேர்க்கப்படும்போது மொத்தம் சரிந்துவிடும். ஆசிரியர் பக்கத்திலும் ஆபத்து உண்டு: 70 தொட்டதும் படிப்பை முடித்ததாகக் குறிக்கச் சொல்லி வைத்திருந்தால், இரண்டு குவிஸ் எழுதியவரும் முடித்தவர் ஆகிவிடலாம். எந்த அமைப்பு இயங்குகிறது என்பதை மாணவர் எளிதில் சோதிக்கலாம். படிப்பின் நடுவில் தெரியும் மொத்தத்தை, எழுதாதவற்றுக்குப் பூஜ்யம் போட்டுத் தாளில் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும்.

உயர்ந்ததை மட்டும் எடுப்பது மதிப்பெண்ணை ஊதிப் பெருக்கவும் செய்யும். இது நேர்மையாக எழுதுபவருக்கும் நடக்கும். பத்துக் கேள்விகளில் ஆறுக்கு விடை தெரிந்த ஒருவர் மீதி நான்கை ஊகித்துக் குறிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சராசரியாக ஓர் ஊகம் சரியாகும், 7 வரும். ஒரே முறை எழுதினால் அவருக்கு 8 அல்லது அதற்கு மேல் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். இடையில் ஒரு வரிகூடப் படிக்காமல், எது தவறு என்றும் தெரியாமல், மூன்று முறை எழுதினால் அந்த வாய்ப்பு 60 சதவீதமாகிறது. அறிவு அப்படியே இருக்க மதிப்பெண் மட்டும் ஏறுகிறது. கேள்விகள் மாறாமல், எது சரி எது தவறு என்று ஒவ்வொரு முறையும் காட்டப்பட்டால் நிலைமை இன்னும் கேவலம். நான்கு விடைகள் உள்ள கேள்வியில் மூன்று தவறுகளுக்குப் பிறகு எஞ்சுவது சரியான விடைதான். எதுவும் தெரியாதவரும் நான்காவது முறை பத்துக்குப் பத்து எடுப்பார்.

இதைத் தடுக்க ஆசிரியர்கள் கையாளும் வழிகள் புளூம் சொன்ன அந்த நடுப்படியை நோக்கியே போகின்றன. ஒவ்வொரு முயற்சிக்கும் பெரிய கேள்வித் தொகுப்பிலிருந்து வேறு கேள்விகளை எடுப்பது, கணக்குகளில் எண்களை மாற்றுவது, இரண்டு முயற்சிகளுக்கு நடுவே சில மணி நேரம் காத்திருக்க வைப்பது, சரியான விடையைச் சொல்லாமல் எந்தப் பாடத்தைத் திரும்பப் பார்க்கலாம் என்று மட்டும் காட்டுவது. இவற்றில் கேள்விகளை மாற்றுவதே அதிகம் பலன் தருவது. அதிக உழைப்பைக் கேட்பதும் அதுதான். பத்துக் கேள்வி வைக்க நாற்பது எழுத வேண்டியிருக்கும். பல படிப்புகள் காத்திருப்போடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

மொத்த மதிப்பெண் விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன படிப்பில் குவிஸ்களில் முழு 40-ம் அசைன்மென்ட்களில் முழு 30-ம் எடுத்தவர், இறுதித் தேர்வை எழுதாமலே 70-ஐத் தொட்டுவிடுவார். வீட்டிலிருந்தபடி திரும்பத் திரும்ப எழுதக்கூடிய பகுதிகளுக்கே 70 பங்கு கொடுத்ததன் விளைவு இது.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும், சென்னை ஐஐடிக்கு அதில் முக்கியப் பங்குள்ள என்பிடெல் படிப்புகளின் விதி இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. அங்கே வார அசைன்மென்ட்களுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் எத்தனை முறையும் அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே திருத்தப்படும். கெடு முடியும்வரை விடை காட்டப்படாததால் ஊகித்துத் தேற வழியில்லை. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு அசைன்மென்ட்களின் சராசரி எடுக்கப்படும். சலுகை அதோடு சரி. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். ஆகவே மொத்தத்தில் 40 போதும் என்றாலும், அசைன்மென்ட்டில் முழு 25-ம் தேர்வில் 29-ம் எடுத்து மொத்தம் 54 வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் கிடையாது.