கோடிங் சுற்றில் வாய் திறக்க வேண்டிய இடங்கள்

வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களில் வேலை தேடும் நம் பொறியாளர்கள் மாதக்கணக்கில் லீட்கோடில் பயிற்சி எடுக்கிறார்கள். நேர்காணலில் வந்த கணக்குக்குச் சரியான விடையும் எழுதிவிடுகிறார்கள். சில நாளில் 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வருகிறது. விடை சரியாக இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

அந்தச் சுற்று முடிந்தபின் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் புரியும். கேள்வி கேட்பவர் அந்த நிறுவனத்தில் கோட் எழுதும் ஒரு பொறியாளர். பெரும்பாலும் 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ பேசுவார். பேசி முடித்ததும் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவார். கூகுளில் விண்ணப்பதாரரை நேரில் பார்க்காத ஒரு குழு அந்த அறிக்கைகளைப் படித்து முடிவெடுப்பது நெடுநாள் வழக்கம். வேறு பல நிறுவனங்களில் கேள்வி கேட்டவர்கள் கூடி, தங்கள் குறிப்புகளை வைத்து விவாதிக்கிறார்கள். கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொண்டாரா, மாற்று வழிகளை எடைபோட்டாரா, தன் பிழையைத் தானே பிடித்தாரா என்பவைதான் அந்த அறிக்கையில் இருக்கும். இருபது நிமிடம் பேசாமல் தட்டச்சு செய்து சரியான விடையைக் காட்டியவரைப் பற்றி எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. மனப்பாடமாக இருக்குமோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்ட அறைக்கு அன்றைக்கு வந்த முன்பதிவுகள் தொடக்க நேரமும் முடிவு நேரமுமாகத் தரப்பட்டிருக்கின்றன. ஒன்றோடொன்று மோதும் பதிவுகளைச் சேர்த்து, அறை எந்தெந்த நேரத்தில் நிரம்பியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். 9–11, 10–12, 13–14 என்று தந்தால் 9–12, 13–14 என்று விடை வர வேண்டும்.

கணக்கைப் பார்த்ததும் விரல்கள் பரபரக்கும். அடக்கிக்கொண்டு முதல் இரண்டு நிமிடம் கேள்வி கேட்க வேண்டும். பதிவுகள் நேர வரிசையில் இருக்கின்றனவா? பட்டியல் காலியாக வரலாமா? ஒன்று 11 மணிக்கு முடிந்து இன்னொன்று 11 மணிக்கே தொடங்கினால் இரண்டையும் சேர்ப்பதா, தனியாக விடுவதா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கோடில் `<=` வருமா `<` வருமா என்பதை அதற்கான பதிலே தீர்மானிக்கிறது. கேள்வி கேட்பவர்கள் இதைப் பல நேரம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

அடுத்து, எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழியைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பதிவையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். ஆனால் 1 லட்சம் பதிவுகள் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். தொடக்க நேரப்படி வரிசைப்படுத்திவிட்டால் புதிதாக வரும் பதிவு கடைசியாகச் சேர்த்த பதிவோடு மட்டுமே மோத முடியும். வரிசைப்படுத்த ஆகும் செலவு சுமார் 17 லட்சம் ஒப்பீடுகள். அதன்பின் ஒரே ஒரு முறை நடந்து வந்தால் போதும். இதைச் சொல்லி, "இப்படி எழுதட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்றபின் விசைப்பலகையில் கை வைப்பது நல்லது. தவறான பாதை என்றால் அவர் அந்த இடத்திலேயே ஒரு குறிப்புக் கொடுத்துவிடுவார்.

```python
def merge(times):
    out = []
    for s, e in sorted(times):
        if out and s <= out[-1][1]:
            out[-1][1] = max(out[-1][1], e)
        else:
            out.append([s, e])
    return out
```

கோட் முடிந்தது, வேலை முடியவில்லை. பலர் ஐந்தாம் வரியில் `max` போடாமல் `e` மட்டும் எழுதிவிடுகிறார்கள். கேள்வியோடு தந்த உதாரணத்துக்கு அந்தப் பிழையான கோடும் சரியான விடையே தரும். 9–12, 10–11 என்று கொடுத்துப் பாருங்கள்: சின்னப் பதிவு பெரியதற்குள் அடங்கியிருக்கிறது, விடையோ 9–11 என்று வந்து ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. இப்படிப்பட்ட ஓர் உதாரணத்தை விண்ணப்பதாரரே யோசித்து எடுத்து, ஒவ்வொரு வரியிலும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறாரா என்று எதிரில் இருப்பவர் காத்திருக்கிறார். சில நிறுவனங்கள் தரும் எடிட்டரில் கோடை ஓட்டிப் பார்க்கவே முடியாது. வாயால்தான் ஓட்ட வேண்டும். பிழை செய்து தானே பிடித்தவருக்கு அறிக்கையில் நல்ல வரி விழும்.

யோசிப்பது தமிழில், சொல்ல வேண்டியது ஆங்கிலத்தில் என்பதால் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். இலக்கண அழகு அங்கே யாருக்கும் தேவையில்லை. என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். யோசிக்க அமைதி வேண்டுமானால் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் அமைதியானால் வீடியோவில் அது திணறலாகவே தெரியும். இதற்குப் பயிற்சி எளிது. ஒரு நண்பரை வீடியோ அழைப்பில் அமர்த்தி, உதவி செய்யாமல் கேட்டதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். இன்னும் ஐம்பது கணக்குப் போடுவதைவிட இது பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு தயாரித்தவரும் நேரத்தைத் தவறவிட்டு வாய்ப்பை இழப்பதுண்டு. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். ஐரோப்பாவில் அது அம்மாதக் கடைசி ஞாயிறு. நம் கடிகாரம் மாறுவதில்லை. கலிஃபோர்னியாவின் காலை 10 மணி குளிர்காலத்தில் நமக்கு இரவு 11:30, கோடையில் இரவு 10:30. கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வாரத்தில் முதல் சுற்றை 11:30க்கு முடித்தவர், அடுத்த வாரச் சுற்றும் அதே நேரம்தான் என்று நம்பி உட்கார்ந்தால், அங்கே ஒரு மணி நேரமாக ஆள் காத்திருந்திருப்பார்.

சுருக்க எழுத்துகளும் ஏமாற்றும். டப்ளினில் இருந்து ஜூலை மாதம் 3 PM IST என்று மின்னஞ்சல் வந்தால் அந்த IST அயர்லாந்து நேரமாக இருக்கலாம். அப்படியானால் நமக்கு இரவு 7:30. பதில் எழுதும்போது ஊர்ப்பெயரோடு, "டப்ளின் மாலை 3, சென்னை இரவு 7:30, செவ்வாய்க்கிழமை" என்று இரண்டு நேரத்தையும் கிழமையையும் எழுதி உறுதி கேட்டுவிட வேண்டும். நமக்குச் செவ்வாய் காலை 5:30 ஆகும்போது கலிஃபோர்னியாவில் திங்கள் மாலைதான்.

கடைசிக் கட்டத்தில் நான்கைந்து சுற்றுகளை ஒரே நாளில் அடுக்குவார்கள். அவர்களுக்குக் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை என்றால் கோடையில் நமக்கு இரவு 10:30 முதல் அதிகாலை 3:30 வரை. இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் மூளை ஓடாது. இரண்டு நாளாகப் பிரித்துத் தரும்படி ரெக்ரூட்டரிடம் கேட்கலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்டதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. கலிஃபோர்னியாவின் காலை 8 மணியில் தொடங்கினால் கோடையில் நமக்கு இரவு 8:30தான். இரவுச் சுற்றுதான் என்று முடிவானால் முந்தைய வாரம் நண்பரோடு செய்யும் பயிற்சியையும் அதே மணிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் போகும் ஊர்களில் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், மோடம் அணைந்துவிடும். மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்வதும், போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை வீடியோ அழைப்பை ஓட்டிப் பார்த்திருப்பதும் நல்லது. இணைப்பு அறுந்தாலும் பகிர்ந்த எடிட்டரில் எழுதிய கோட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அழைப்பு இணைப்பையும் ரெக்ரூட்டரின் எண்ணையும் போனில் முன்பே சேமித்திருந்தால், போனிலேயே சேர்ந்து, எந்த வரியில் விட்டோமோ அந்த வரியிலிருந்து பேச்சைத் தொடரலாம்.