மொழிபெயர்ப்பாளர் மேசை – 9: ஒன்றரை ஷிப்ட்

சென்ற வாரம் வடமாநிலத் தொழிலாளர்களின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது வரும் குழப்பங்களைப் பார்த்தோம். இந்த வாரம், கையில் வாங்கிய காகிதங்களைத் திருப்பிக் கொடுத்த ஒரு நாளைப் பற்றி.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளும் உண்டு, பனியன் கம்பெனிகளும் உண்டு. அப்படியொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வருகைப் பதிவேட்டின் நகலோடு வந்தார். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் அடுத்த வாரம் வருகிறாராம். பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுதி, மூலத்துக்கு மாறுபாடில்லாத மொழிபெயர்ப்பு என்று கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும். எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் கூலித் தொகையை மாற்றியிருக்கிறேன். கணக்கு வந்த விதத்தை மாற்றவில்லை.

திருப்பூரில் கூலிப் பேச்சு ஷிப்டில்தான் நடக்கும். அந்தக் கம்பெனியில் ஒரு ஷிப்ட் 8 மணி நேரம், கூலி 480 ரூபாய். பதிவேட்டில் பல பெயர்களுக்கு நேராக 1½ என்று இருந்தது. அதாவது 12 மணி நேர வேலை, 720 ரூபாய் கூலி.

அவர் கையோடு ஒரு மாதிரித் தாளும் கொண்டு வந்திருந்தார். 1½ வரும் இடத்திலெல்லாம் ‘8 மணி நேரம், கூடுதல் நேரம் 2 மணி’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும் என்றார்.

“ஏனுங்ண்ணா, கூட்டிப் பாத்தா தொகை சரியாத்தானுங்களே வருது?”

சரியாகத்தான் வந்தது. ஒரு மணி நேரக் கூலி 60 ரூபாய். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பதால் மணிக்கு 120. இரண்டு மணிக்கு 240. நாள் கூலி 480-ஐச் சேர்த்தால் 720. ஆடிட்டர் எத்தனை முறை கூட்டினாலும் கொடுத்த பணமும் தாளும் ஒத்துப்போகும். ஆனால் அந்தத் தொழிலாளி உண்மையில் கூடுதலாக நின்றது 4 மணி நேரம். அதற்கு 480 ரூபாய் சேர்ந்து, அவர் கைக்கு 960 வந்திருக்க வேண்டும். குறைந்த 240 ரூபாயும் மறைந்த 2 மணி நேரமும் என் ஒரு வரி ஆங்கிலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பொய்த் தாள்களில் தொகை இடறும் என்று எதிர்பார்ப்பது தவறு. தொகையை முதலில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டிருப்பார்கள். மூலத்தில் எந்த அளவு இருக்கிறதோ, அதே அளவு மொழிபெயர்ப்பிலும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: “ஒன்றரை ஷிப்ட்னு இருக்கிறதை ஒன்றரை ஷிப்ட்னே எழுதுறேனுங்க. இங்கே ஒரு ஷிப்ட்னா 8 மணி நேரம்னு அடிக்குறிப்பும் போடுவேன். வேற மாதிரி எழுதி என் கையெழுத்தைப் போட முடியாதுங்க.” அவருக்குச் சம்மதமில்லை. நகலை வாங்கிக்கொண்டு போனார். முன்னோட்டம் பார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பக்கங்களை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன்.

ஆடிட்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிவேட்டை நான் பார்த்தது மொழிபெயர்ப்பாளன் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்டதால். மறுப்பது என் கையெழுத்தைப் பற்றியது, அதில் எனக்கு முழு உரிமை உண்டு. வெளியே சொல்வது அவர் காகிதத்தைப் பற்றியது. மறுத்துவிட்டேன் என்பதற்காக ரகசியம் காக்கும் கடமை முடிந்துவிடாது.

அந்தக் கடமைக்கும் எல்லை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-வது பிரிவு, கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைக் காக்கிறது. அந்தக் காப்பு வக்கீலின் மொழிபெயர்ப்பாளருக்கும் பொருந்தும். நடந்து முடிந்த குற்றத்தைச் சொல்லி எனக்காக வாதாடுங்கள் என்று கேட்டால், அது ரகசியம். போலிப் பத்திரத்தை வைத்து இனிமேல் சொத்தை வாங்கித் தாருங்கள் என்று கேட்டால், அதற்குக் காப்பு இல்லை. கம்பெனிக்காக நேரடியாக வேலை செய்யும் என்னைப் போன்றவருக்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. நீதிமன்றம் அழைத்தால் பதில் சொல்ல வேண்டும். இதை வேலை வாங்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்னோர் இடத்தில் வாயை மூடுவதே குற்றம். விடுதியில் தங்கி வேலை செய்யும் 18 வயது நிரம்பாத பெண் வீட்டுக்கு இந்தியில் எழுதிய கடிதம் மொழிபெயர்ப்புக்கு வருகிறது, அதில் பாலியல் தொல்லை பற்றி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, இது தெரியவரும் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அதில் விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடிதத்தைத் தந்தவர் முதலாளியே ஆனாலும், அவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

பதிவேட்டுக்காரருக்குப் பிறகு நான் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது மூலத்தின் நகலையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தைத்து, இரண்டுக்கும் தொடர் பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுகிறேன். என் கையெழுத்து உள்ள கடைசித் தாளை மட்டும் உருவி வேறொரு கட்டில் சேர்த்தால், பக்க எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.