பக்கம் கடையைக் காட்டுகிறது. கடை அந்தப் பக்கத்தைக் காட்டுகிறதா?

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாவனல்லையில் இருக்கும் என் தாத்தாவின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினாள். கொழும்பில் பெயர்பெற்ற ஓர் அபாயாக் கடையின் பெயரில் இருந்த பேஸ்புக் பக்கம் அது. 8,500 ரூபா அபாயா பெருநாள் சலுகையில் 4,900 ரூபா, இரண்டு எடுத்தால் டிலிவரி இலவசம் என்று போட்டிருந்தார்கள். முழுப் பணத்தையும் முதலில் வங்கியில் வைப்புச் செய்து ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம்.

“மாமா, இது நம்பலாம்தானே? வெப்சைட்டும் போட்டிருக்காங்க. நான் உள்ளே போய்ப் பார்த்தேன், கடை விலாசம் எல்லாம் இருக்கு. காசு போடவா?”

நானும் அந்த இணைப்பை அழுத்திப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரிதான். அது அந்தக் கடையின் உண்மையான இணையத்தளமேதான். பல வருடங்களாக இருக்கின்ற தளம். ஆனாலும் “கொஞ்சம் பொறு மகள்” என்று சொல்லிவிட்டேன்.

நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு பேஸ்புக் பக்கத்தைத் திறக்கும் எவரும் ‘வெப்சைட்’ என்ற இடத்தில் தாம் விரும்பிய முகவரியை எழுதலாம். அந்தத் தளத்தின் சொந்தக்காரரிடம் பேஸ்புக் அனுமதி கேட்பதில்லை. நான் இன்றே ஒரு பக்கம் திறந்து, நாட்டின் பெரிய வங்கியொன்றின் இணையத்தள முகவரியை அதில் போடலாம். ஆகவே பக்கத்திலிருந்து இணையத்தளத்துக்குப் போகும் வழி எதையும் நிரூபிப்பதில்லை. இணையத்தளத்திலிருந்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும் வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் திரும்பும் வழியைப் போடக்கூடியவர் தளத்தின் சொந்தக்காரர் மட்டுமே.

இணையத்தளத்தின் அடிப்பகுதிக்குப் போனேன். பேஸ்புக், இன்ஸ்டகிராம் அடையாளங்கள் அங்கே இருந்தன. பேஸ்புக் அடையாளத்தை அழுத்தியதும் திறந்தது வேறொரு பக்கம். அதே பெயர், அதே லோகோ, ஆனால் முகவரியில் ஓர் எழுத்து வித்தியாசம். பிள்ளை பார்த்த பக்கத்தில் கடைப் பெயரின் கடைசியில் ஒரு ‘s’ கூடுதலாக இருந்தது. இன்னொருவர் சொல்லிக் கொடுக்காமல் கண்ணில் படாது.

அடுத்து தொலைபேசி இலக்கம். இணையத்தளத்தில் 011 என்று தொடங்கும் கடை இலக்கமும் ஒரு 077 இலக்கமும் இருந்தன. பேஸ்புக் பக்கத்தில் வேறொரு 076 இலக்கம் மாத்திரம். வங்கிக் கணக்கின் பெயரைக் கேட்கச் சொன்னேன். வந்தது ஒரு தனிநபரின் பெயர். இணையத்தளத்திலோ கம்பனியின் பெயரும் PV என்று தொடங்கும் பதிவிலக்கமும் தெளிவாக இருந்தன. PV என்பது தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனிகளுக்குரிய முன்னெழுத்து. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eroc.drc.gov.lk தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினேன். அந்தப் பெயரில் கம்பனி பதிவாகியிருக்கிறது. அப்படியொரு கம்பனி தன் விற்பனைப் பணத்தை ஏன் ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்?

கடைசியாக, பேஸ்புக் பக்கத்தின் About பகுதியில் இருக்கும் Page transparency என்பதைப் பார்த்தேன். பக்கம் எப்போது உருவாக்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் அதில் வரும். இந்தப் பக்கம் முன்பு ஒரு கிரிக்கெட் நகைச்சுவைப் பக்கமாக இருந்திருக்கிறது. அந்த 40 ஆயிரம் பின்தொடர்வோரும் அபாயா வாங்க வந்தவர்களல்ல, கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள்.

இது உண்மையான தளத்தை இரவல் வாங்கிய மோசடி. இன்னொரு வகையில் தளமே போலியாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க முகவரியைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு கடையின் தளம் kadaipeyar.lk என்று வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும் இரண்டையும் பாருங்கள்.

```
https://kadaipeyar.lk/contact
https://kadaipeyar.lk.perunaal-offer.shop/contact
```

இரண்டிலும் கடைப் பெயர் முன்னாலேயே இருக்கிறது. ஆனால் https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைப் பிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். முதலாவது kadaipeyar.lk என்ற தளம். இரண்டாவது perunaal-offer.shop என்ற தளம். அதன் முன்னால் இருப்பது வெறும் ஒட்டு. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் ஜன்னலில் முகவரி முழுதாகத் தெரியாமல் போகலாம். ஆகவே குரோம் போன்ற உலாவியில் திறந்து பாருங்கள். பூட்டு அடையாளத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை மற்றவர் வாசிக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்று சொல்வதில்லை.

.com, .shop, .store போன்ற முகவரியாக இருந்தால் lookup.icann.org இல் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், ஆனால் Created என்ற திகதி தெரியும். “15 வருட நம்பிக்கை” என்று எழுதியிருக்கும் கடையின் தளம் மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் மேலே விசாரிக்கத் தேவையில்லை. அதற்காகப் புதிய தளமெல்லாம் போலி என்று சொல்லவும் முடியாது. நேற்று ஆரம்பித்த நேர்மையான வியாபாரியின் தளமும் புதியதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நம் பெண்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். வீட்டிலிருந்து அபாயா தைத்தும், கேக் செய்தும், அத்தர் விற்றும் குடும்பம் நடத்தும் எத்தனையோ சகோதரிகளுக்கு இணையத்தளமே கிடையாது. அவர்களுடைய கணக்கும் சொந்தப் பெயரில்தான் இருக்கும். தனியாளாகச் செய்யும் வியாபாரத்தின் பெயர் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவாகிறது. அது கம்பனிப் பதிவாளரின் தேடலில் வராது. வரவில்லை என்பதற்காக அவர்களைக் கள்ளர் என்று நினைப்பது பாவம். பதிவுச் சான்றிதழின் படத்தைக் கேட்டு, அதிலுள்ள உரிமையாளரின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பார்க்கலாம். ஆனால் படத்தைத் திருத்துவது கஷ்டமான வேலையல்ல. ஆகவே முதல் கொள்வனவை பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையில் சிறிய தொகைக்குச் செய்வதே நல்லது. அதிலும் பார்சலைத் திறக்கும் முன்பே கூரியர்காரர் பணத்தை வாங்கிவிடுவார், உள்ளே பழந்துணி இருந்தாலும் அவர் பொறுப்பல்ல.

பெரிய கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அந்தக் கடையின் தளத்தைக் காட்டிக்கொண்டு, தனிநபர் கணக்கைக் கொடுப்பது இதிலிருந்து வேறுபட்ட கதை. அப்படி வந்தால் பக்கத்திலுள்ள இலக்கத்துக்கல்ல, இணையத்தளத்திலுள்ள இலக்கத்துக்கு எடுத்து “இந்தப் பக்கம் உங்களுடையதா?” என்று கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் ஸ்லிப்போடு உடனே உங்கள் வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கடை உண்மையாக இருந்து பொருளில் ஏமாற்றினால் அது நுகர்வோர் அதிகார சபையின் விடயம். அதன் இலக்கம் 1977.

என் மருமகள் அந்த 011 இலக்கத்துக்கு எடுத்தாள். பேசியவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். “கடைசியில் ‘s’ போட்ட பக்கமா தங்கச்சி? காசு போட்டுட்டீங்களா, இல்லையா?” என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.