போர் வரைபடம் படித்தல்

நுழையும்முன்

வரலாற்று நூல்களில் போர் வரைபடத்தைக் கண்டதும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அம்புகளும் கட்டங்களும் கோடுகளும் பின்னிக் கிடப்பதே அதற்குக் காரணம். அக்குறிகளுக்கும் இலக்கணம் உண்டு. எதனை முதலில் காண வேண்டும், எதனை ஐயுற வேண்டும் என்பதை ஓர் உண்மை நிகழ்வின் வழியாக விளக்குகிறது இக்கட்டுரை.

ஒரு கடற்கரை, ஒரு நாள்

1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் ஐந்து இடங்களில் தரையிறங்கின. அவற்றுள் ஒன்றான ‘ஜூனோ’ என்னும் பகுதி கனடாவின் 3ஆம் காலாட்படை டிவிஷனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வடக்கே கடல், தெற்கே வயல்களும் சிற்றூர்களும், தென்கிழக்கே கான் என்னும் நகரம். இப்பகுதியின் வரைபடம் நம் முன் விரிந்திருப்பதாகக் கொள்வோம்.

முதலில் காண வேண்டியவை

கண் இயல்பாகவே அம்புகளை நோக்கி ஓடும். ஆயினும் தலைப்பு, நாள், நேரம், அளவுகோல், குறிவிளக்கம் ஆகியவற்றையே முதலில் படித்தல் வேண்டும். தாக்குதலுக்கு முன் வரைந்த வரைபடம் எண்ணத்தைக் காட்டும். பின் வரைந்தது நிகழ்வைக் காட்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நம் படையை நீலத்தாலும் பகைவர் படையைச் சிவப்பாலும் காட்டுவது பரவலான வழக்கு. ‘நம் படை’ என்பது வரைந்தவர் எப்பக்கத்தவர் என்பதைப் பொறுத்தது. எனவே நிறத்தைக் குறிவிளக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே நம்ப வேண்டும்.

கட்டத்துக்குள் ஒரு படை

வரைபடத்திலுள்ள சிறு செவ்வகம் ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. செவ்வகத்தின் உள்ளே இருப்பது படையின் வகையைக் கூறும். மூலைக்கு மூலை இரு கோடுகள் குறுக்காக வெட்டினால் அது காலாட்படை. நீள்வட்டம் இருந்தால் டாங்கிப்படை. செவ்வகத்தின் தலைமேல் இருப்பது படையின் அளவைக் கூறும். இரண்டு செங்குத்துக் கோடுகள் பட்டாலியனையும், ஒரு பெருக்கல் குறி பிரிகேடையும், இரண்டு பெருக்கல் குறிகள் டிவிஷனையும் குறிக்கும். பக்கத்தில் எழுதப்பட்ட எண் அப்படையின் பெயர்.

ஜூனோ வரைபடத்தில் கரையோரம் இரு செவ்வகங்கள் உள்ளன. இரண்டின் உள்ளேயும் குறுக்குக் கோடுகள். தலைமேல் ஒவ்வொரு பெருக்கல் குறி. மேற்கே இருப்பதன் பக்கத்தில் 7 என்றும் கிழக்கே இருப்பதன் பக்கத்தில் 8 என்றும் எண்கள் காணப்படுகின்றன. இவை முதலில் இறங்கிய இரு காலாட்படைப் பிரிகேடுகள். அவற்றின் பின்னே கடலில் நிற்கும் 9 என்னும் செவ்வகம், பின்னர் இறங்கி முன்னேற வேண்டிய பிரிகேடு.

இக்குறி படையின் வகையையும் அளவையும் மட்டுமே உரைக்கும். அதன் வலிமையை உரைக்காது. காலையில் முழு எண்ணிக்கையுடன் இறங்கிய பட்டாலியனுக்கும், மாலையில் பலரை இழந்து களைத்து நின்ற அதே பட்டாலியனுக்கும் ஒரே செவ்வகந்தான்.

கட்டக் கோடுகள்

வரைபடத்தின் குறுக்கே, கரைக்கு ஏறத்தாழ இணையாக, மூன்று கோடுகள் செல்கின்றன. அவற்றின் பெயர்கள் ‘யூ’, ‘எல்ம்’, ‘ஓக்’. மூன்றும் மரப்பெயர்கள். இவையே கட்டக் கோடுகள். தாக்குதலைப் படிப்படியாகப் பிரித்து, ‘இப்படிக்குள் இவ்விடம் வரை’ என்று வகுப்பவை அவை. அருகருகே முன்னேறும் படைகள் ஒன்றையொன்று விட்டு விலகாதிருக்கவும், யார் எங்கே இருக்கின்றனர் என்பதைத் தலைமையிடத்துக்குச் சுருக்கமாகத் தெரிவிக்கவும் அவை உதவும். அதனாலேயே சாலை, ஆறு, மேடு, இருப்புப்பாதை எனக் களத்தில் எளிதில் அடையாளம் காணத்தக்க இடங்களை ஒட்டி அவற்றை வரைவர். ‘யூ’ கடற்கரைப் பகுதியைக் கைப்பற்றுவதைக் குறித்தது. ‘எல்ம்’ உள்நாட்டிலுள்ள இடைநிலை இலக்கு. ‘ஓக்’ கான் நகரையும் பேயூ நகரையும் இணைக்கும் சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றை ஒட்டிய இறுதி இலக்கு.

கட்டக் கோடு என்பது போர்முனை அன்று. அது திட்டம். படை உண்மையில் நின்ற இடத்தைக் காட்டுவது வேறொரு கோடு. தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். ஜூன் 6 இரவுக்குள் ‘ஓக்’ கோட்டை அடைய வேண்டும் என்பது திட்டம். அன்று சில டாங்கிகள் மட்டுமே இருப்புப்பாதை வரை சென்றன. பின்தொடரக் காலாட்படை இல்லாமையால் அவை திரும்பின. டிவிஷன் ‘எல்ம்’ கோட்டையொட்டியே இரவைக் கழித்தது.

அம்பு சொல்லாதவை

அம்பின் வால் புறப்பட்ட இடம். முனை சென்ற இடம் அல்லது செல்ல எண்ணிய இடம். தொடர்கோடாக இருந்தால் நிகழ்ந்த நகர்வு என்றும், விட்டுவிட்டு வரைந்திருந்தால் திட்டமிட்ட நகர்வு என்றும் கொள்வது பொதுவழக்கு. இதனையும் குறிவிளக்கத்தில் சரிபார்க்க வேண்டும்.

கரையிலிருந்து ‘ஓக்’ வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அளவுகோல் 1:1,00,000 எனில் வரைபடத்தில் அது 15 சென்டிமீட்டர். தடையின்றி நடப்பவர் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுவார். காலை எட்டு மணியளவில் இறங்கியவர்கள் நண்பகலில் ஏன் சேரவில்லை? அம்பு இடத்தைக் காட்டுகிறது, காலத்தைக் காட்டுவதில்லை. கரையில் பகைவரின் அரண்களை அழிப்பதற்கே நேரம் சென்றது. பின்னர் இறங்கிய 9ஆம் பிரிகேடு, பெர்னியேர் என்னும் சிற்றூரின் குறுகிய தெருக்களில் வண்டிகளுக்கும் டாங்கிகளுக்கும் இடையே நெரிந்து நின்றது. வழவழப்பாக வளைந்து செல்லும் அம்பில் இந்நெரிசல் எங்கும் தெரியாது.

இடைவெளியைப் படித்தல்

தேர்ந்தவர் அம்புகளைவிட அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையே கூர்ந்து நோக்குவர். ஜூனோவுக்குக் கிழக்கே ‘சோர்டு’ கரையில் பிரித்தானியப் படை இறங்கியது. இவ்விரு படைகளுக்கும் இடையே அன்று மாலையிலும் ஓர் இடைவெளி இருந்தது. செருமானியரின் 21ஆம் டாங்கி டிவிஷனைச் சேர்ந்த சிலர் அதன் வழியே கடற்கரை வரை வந்தனர். அங்கே நிலைக்க இயலாமல் பின்வாங்கினர் என்பது வேறு.

மறுநாள் இது மேலும் தெளிவாகிறது. மேற்கே 7ஆம் பிரிகேடு ‘ஓக்’ கோட்டை அடைந்தது. கிழக்கே 9ஆம் பிரிகேடின் அம்பு கார்ப்பிக்கே வானூர்தித் தளத்தை நோக்கி நீண்டது. பிரித்தானியப் படை இன்னும் பின்னே இருந்தமையால் அவ்வம்பின் இடப்பக்கம் காவலின்றித் திறந்திருந்தது. ஒதி என்னும் சிற்றூர்ப் பகுதியில் செருமானியரின் 12ஆம் எஸ்.எஸ். டாங்கி டிவிஷன் அதனைத் தாக்கிப் பின்னுக்குத் தள்ளியது. அவ்வானூர்தித் தளம் கைப்பற்றப்பட்டது ஜூலை மாதத்தில்தான். ஓர் அம்பின் முனை அண்டை அம்புகளை விட்டு வெகுதூரம் முந்தியிருந்தால் அதன் பக்கவாட்டில் யார் உள்ளனர் என்று கேட்க வேண்டும். விடை ‘யாருமில்லை’ எனில், பகைவரின் அம்பு அங்கேதான் வரும்.

கோட்டுக்குக் கீழே

ஜூன் 6ஆம் நாள் ஜூனோவில் ஏறத்தாழ 14,000 கனடியர் இறங்கினர். அவர்களுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்றே உயிரிழந்தனர். வரைபடத்தில் ஒரு செவ்வகமும் சிறுக்கவில்லை. இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, அந்த அம்புகள் கடந்த நிலத்தில், கனடியப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. வரைபடம் சென்டிமீட்டரில் காட்டிய தொலைவு அவர்கள் நடந்த தொலைவு என்பதை உணர்ந்த பின்னரே அதனைப் படித்து முடித்தவராவோம்.

தெரிந்து தெளிவோம்

போர் வரைபடத்தைப் படிக்கும் வரிசை: தலைப்பும் நாளும் – அளவுகோல் – குறிவிளக்கம் – நிலத்தின் இயல்பு – கட்டக் கோடுகள் – படைக்குறிகள் – அம்புகள் – அம்புகளுக்கு இடையிலான இடைவெளிகள்.