கூடுதல் வேலைக்கு ஒரு பதிவேடு

வீடு கட்டும்போது ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகள் இடையில் சேர்வது வழக்கம். வாய்ச்சொல்லாகவே அவை நடந்துவிட்டால், கடைசி பில் வரும்போது செலவை யார் ஒப்புக்கொண்டது, வீடு ஏன் தாமதமானது என்பதற்குப் பதில் இருக்காது. மாற்றப் பதிவேடு இந்த இரண்டையும் அன்றன்றே எழுதி வைக்கிறது.

ஒரு நோட்டோ எக்செல் தாளோ போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி. அதில் வரிசை எண், கேட்டவர், கேட்ட தேதி, வேலையின் விவரம், நிகரச் செலவு, கூடும் நாள்கள், ஒப்புதல் கையெழுத்தும் தேதியும், வேலை தொடங்கிய தேதி ஆகியவை இடம்பெறும். வரியின் கடைசியில் திருத்திய ஒப்பந்தத் தொகையும் திருத்திய முடிவுத் தேதியும் இருக்கும். ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் மேஸ்திரியிடம் சொல்லலாம் என்றால் பதிவேட்டுக்குப் பொருளில்லை.

எடுத்துக்காட்டாக, 30 லட்சம் ரூபாய் ஒப்பந்தம், முடிவுத் தேதி ஜூன் 30 என்று கொள்வோம். எஸ்டிமேட்டில் 35,000 ரூபாய்க்கு இருந்த இரும்பு கேட்டுக்குப் பதிலாக 75,000 ரூபாய் ஸ்டீல் கேட் கேட்கிறார் உரிமையாளர். பழைய தொகையைக் கழித்தால் கூடுவது 40,000 மட்டுமே. கேட் பட்டறையில் தயாராவதற்குள் வீட்டில் பெயின்ட் வேலை நடக்கும் என்பதால் தேதி மாறாது.

அடுத்து, பூச்சு முடிந்தபின் மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிப்பறை கேட்கிறார். சுவர், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ் எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய். அந்த இடத்துக்கு ஏற்கெனவே கணக்கிட்ட தரை டைல்ஸ் 5,000 ரூபாயைக் கழித்தால் 1,05,000. வேலைக்குப் பத்து நாள் ஆகும். மற்ற அறைகளில் பெயின்டர்கள் நான்கு நாள் வேலை பார்க்கலாம். மீதி ஆறு நாள் அவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே முடிவுத் தேதி ஜூலை 6, ஒப்பந்தத் தொகை 31,45,000. வேலை நாள்களை அப்படியே கூட்டாமல், அடுத்த வேலை எத்தனை நாள் தடைபடுகிறது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

விலையும் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே வேலை தொடங்க வேண்டும். அவசரமென்றால் அதிகபட்சத் தொகையொன்றை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்கலாம். மறுத்த கோரிக்கைகளையும் அழிக்கக் கூடாது. எண்ணோடு அப்படியே இருந்தால் அதே கோரிக்கை மீண்டும் வரும்போது முன்பு எடுத்த முடிவு தெரியும். ஒப்பந்தக்காரர் கோணலாகக் கட்டிய சுவரை இடித்துக் கட்டுவது கூடுதல் வேலையல்ல. அதன் செலவு இதில் ஏறக் கூடாது.

வேலை தொடங்கிய தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தியதாக இருந்தால் பதிவேடு பின்னால் நிரப்பப்படுகிறது என்று அறியலாம். வாரம் ஒருமுறை இரு தரப்பும் கடைசி வரியின் தொகையையும் தேதியையும் சேர்ந்து சரிபார்த்தால் இந்தப் பிழை அந்த வாரத்திலேயே அகப்படும்.