‘அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை’

ஒரே ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் எழுதும் கட்டுரைக்கு ‘கேஸ் ரிப்போர்ட்’ என்று பெயர். மருந்துகளின் எதிர்பாராத பக்கவிளைவுகள் பலவும் முதலில் இப்படித்தான் வெளியே தெரிந்தன. இதழுக்குக் கட்டுரை போனதும், ஆசிரியர் அதைத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அவர்களின் கேள்விகள் கட்டுரை எழுதியவருக்கு வரும். திருத்திய கட்டுரையோடு, ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லும் கடிதம் ஒன்றும் திரும்பிப் போக வேண்டும்.

சோதனைக்கூட ஆய்வு என்றால் குறையைச் சொன்னதும் மறுபடி செய்து பார்க்கலாம். இங்கே நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். எடுக்காமல் விட்ட ரத்தத்தை இனி எடுக்க முடியாது. இந்தக் கடிதத்தின் சிரமமே அதுதான்.

ஒரு கற்பனை உதாரணம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் குழப்பமாகப் பேசுகிறார். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் குறையக் கூடாது, அவருக்கு 118. மாத்திரையை நிறுத்தி, குடிநீரின் அளவைக் குறைக்க, ஐந்தாம் நாள் சோடியம் சரியாகிறது. ஒரு மாதம் கழித்து, வழக்கம்போல் தண்ணீர் குடித்துவரும் நிலையிலும், அளவு இயல்பாகவே இருக்கிறது. ‘பான்டோபிரசோலால் வந்த சோடியம் குறைவு’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை போகிறது.

மதிப்பாய்வாளர் கேட்கிறார்: “அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் சோடியம் குறையும். கார்டிசால் பார்த்தீர்களா?” பார்க்கவில்லை, தைராய்டு மட்டுமே பார்த்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று தொடங்கி, அட்ரீனல் கோளாறு பற்றி ஒரு பத்தி எழுதி, கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் முடித்துவிடுவார்கள். கேட்டவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ‘கார்டிசால் பரிசோதனை செய்யப்படவில்லை’ என்பதுதான் முதல் வரியாக வர வேண்டும். கையில் இருக்கும் மறைமுகச் சான்றை அடுத்துச் சொல்லலாம்: அட்ரீனல் குறைபாட்டுக்கு எந்தச் சிகிச்சையும் தராமலே ஒரு மாதம் சோடியம் இயல்பாக இருந்தது, ஆகவே அந்தக் காரணத்துக்கு வாய்ப்புக் குறைவு. நோயாளி மறுபடி பரிசோதனைக்கு வந்து, சம்மதித்து, இப்போது கார்டிசால் பார்த்தால், பார்த்த தேதியையும் எழுத வேண்டும். நோய் இருந்தபோது எடுத்த முடிவுபோல அது தோன்றக் கூடாது.

ஒரு பதில் இன்னொன்றையும் அசைக்கும். பக்கவிளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட, 1981-இல் வெளியான நராஞ்சோ அளவுகோல் இருக்கிறது. பத்துக் கேள்விகள் கொண்டது. நம் மருத்துவர்கள் போட்டிருந்த கணக்கு இது: முன்பே இப்படிப் பதிவானது உண்டு, 1; மருந்துக்குப் பிறகே வந்தது, 2; நிறுத்தியதும் சரியானது, 1; வேறு காரணம் இல்லை, 2; பரிசோதனையில் உறுதியானது, 1. மொத்தம் 7. கார்டிசால் பார்க்காதபோது ‘வேறு காரணம் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? ‘தெரியாது’ என்றுதான் குறிக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் 0. மொத்தம் 5 ஆகிவிடும். 5 முதல் 8 வரை ‘மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற படி. முடிவு தப்பியது, ஆனால் விளிம்பில். ஆகவே தலைப்பிலுள்ள ‘வந்த’ என்ற உறுதி போய், ‘வந்திருக்கக்கூடிய’ என்று மாற வேண்டும்.

இந்த மாற்றங்கள் கடிதத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. பெரும்பாலான இதழ்களில் வாசகர் அந்தக் கடிதத்தைப் பார்ப்பதில்லை. மதிப்பெண், தலைப்பு, பரிசோதனை செய்யாத குறை எல்லாமே கட்டுரைக்குள் ஏற வேண்டும். கடிதத்தில் மதிப்பாய்வாளரின் சொற்களை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், அதற்குக் கீழே மாற்றிய வாக்கியம், பக்க எண், வரி எண் என்று எழுதுவது வழக்கம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. “மாத்திரையை மறுபடி கொடுத்துப் பார்த்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்டால், நோயாளியை மீண்டும் ஆபத்தில் தள்ள முடியாது என்று காரணம் சொல்லி மறுக்கலாம். இரண்டு மதிப்பாய்வாளர்கள் முரண்பட்டால், ஒருவர் சுருக்கு என்றும் மற்றவர் விரி என்றும் சொன்னால், எதை ஏற்றோம், ஏன் என்று ஆசிரியருக்கே எழுதிவிடுவது நல்லது.

வரி எண்களை மட்டும் கடைசியில் போடுங்கள். நடுவில் ஒரு வாக்கியம் கூடினாலும் அதற்குப் பிறகான எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். சொன்ன வரியில் சொன்ன திருத்தம் இல்லாவிட்டால், மதிப்பாய்வாளர் மற்றப் பதில்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.