மூன்று நாள் பயிற்சி முடிந்தது. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

2022 அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவர்கள் 10ஆம் தேதி பள்ளிக்குத் திரும்பினார்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது 13ஆம் தேதி. இடைப்பட்ட மூன்று நாட்களில் அவர்களுடைய ஆசிரியர்கள் வட்டார அளவில் நடந்த ‘எண்ணும் எழுத்தும்’ இரண்டாம் பருவப் பயிற்சியில் இருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் 18 ஒன்றியங்களும் இதில் அடங்கும்.

எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், அதை 2025க்குள் எட்ட வேண்டும் என்ற இலக்கோடு 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. குழந்தைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல், கற்றல் நிலை வாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது இதன் அடிப்படை. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய பாடப்பொருள் வருவதால் பயிற்சியும் பருவந்தோறும் வந்தது. மூன்று நாள் வகுப்பை விட்டுக்கொடுத்து நடக்கும் பயிற்சி என்பதால், அதன் முடிவில் எழுதப்படும் அறிக்கைக்குப் பொறுப்பு அதிகம். வருகை, கற்றல் விளைவு, பின்னூட்டம், தொடர்பணி என்ற நான்கு பகுதிகளும் அதில் வழக்கமாக இருக்கும். அவை ஒன்றோடொன்று இணையும்போதுதான் அறிக்கை பயன்படுகிறது.

இதை ஒரு மாதிரிக் கணக்கின் வழியே பார்க்கலாம். இங்கு வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு மையத்துக்கு 40 ஆசிரியர்கள் அழைக்கப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு முற்பகல், பிற்பகல் என்று இரண்டு அமர்வுகள். மூன்று நாளில் ஆறு. முதல் நாள் காலையில் 34 பேர், பிற்பகலில் 38 பேர். இரண்டாம் நாள் 38, 37. மூன்றாம் நாள் காலையில் 36, கடைசிப் பிற்பகலில் 29.

பெரும்பாலான அறிக்கைகள் ‘40 பேரில் 38 பேர் கலந்துகொண்டனர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடும். அது பொய்யல்ல. ஆனால் ஆறு அமர்வுகளையும் கூட்டினால் நிரம்பியிருக்க வேண்டிய 240 இருக்கைகளில் 212 தான் நிரம்பியிருக்கின்றன. அதாவது 88 விழுக்காடு. ஆறு அமர்விலும் இருந்தவர்களை மட்டும் வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணினால் 26 பேர் என்று வைத்துக்கொள்வோம், 65 விழுக்காடு. மூன்றும் ஒரே பதிவேட்டிலிருந்து வந்த உண்மைகள்தான். பயிற்சி முழுமையாக எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை மூன்றாவது எண்தான் சொல்கிறது. அதற்கு அமர்வுக்கு ஒரு கையெழுத்து வேண்டும். முதல் நாள் காலையிலேயே மூன்று நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிய பதிவேட்டிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்று வரிசையாக இருந்தால் அந்தப் பதிவேட்டைச் சந்தேகிக்கலாம்.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணமும் வேண்டும். 2022 அக்டோபர் 9ஆம் தேதி இரவு பௌர்ணமி கிரிவலம். பயிற்சியின் முதல் காலை அதற்கு அடுத்த விடியல். பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் கூட்டத்தோடு சேர்ந்துதான் திருவண்ணாமலையில் அன்று எவரும் பேருந்து பிடித்தாக வேண்டும். இப்படிப்பட்ட நாளில் முற்பகல் வருகை குறைந்தால், அதை ஆசிரியர்களின் அக்கறையின்மையாகப் படிப்பது அநியாயம். ஜவ்வாது மலை ஒன்றியத்தில் பயிற்சி ஜமுனாமரத்தூரில் நடந்தால், மலைக் கிராமங்களுக்குத் திரும்பும் பேருந்தின் நேரம் கடைசிப் பிற்பகல் அமர்வைப் பாதிக்கும். காரணம் எழுதப்பட்டால் அடுத்த முறை நேரத்தை மாற்றலாம். எழுதாவிட்டால் விளக்கக் கடிதம் கேட்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

அடுத்தது விளைவு. தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு, இரண்டின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே ‘முன்னேற்றம்’ என்பது வழக்கம். மாதிரி மையத்தில் முதல் காலை 34 பேர் எழுதிய தேர்வின் சராசரி இருபதுக்கு 11. கடைசிப் பிற்பகலில் 29 பேர் எழுதியதன் சராசரி 16. ஐந்து மதிப்பெண் கூடிவிட்டதாக அறிக்கை சொல்லும். ஆனால் இரண்டு தேர்வையும் எழுதியவர்கள் 27 பேர்தான். அவர்களுடைய தாள்களை மட்டும் இணை இணையாக எடுத்துப் பார்த்தால் தொடக்கச் சராசரி 12, முடிவுச் சராசரி 16. உண்மையான ஏற்றம் நான்கு.

ஒரு மதிப்பெண் போனது பெரிய இழப்பல்ல. அது எங்கே போனது என்பதுதான் முக்கியம். முதல் தேர்வை எழுதிவிட்டு இரண்டாவதை எழுதாத ஏழு பேரின் தொடக்கச் சராசரி ஏழு மட்டுமே. பயிற்சி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களே கடைசி அமர்வில் இல்லை. மொத்தச் சராசரி அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதையே முன்னேற்றமாகக் காட்டுகிறது. தாளில் பெயர் வேண்டாம் என்று நினைத்தால் ஒரு குறியீட்டு எண் போதும். இரண்டு தாள்களையும் இணைத்துவிடலாம்.

மதிப்பெண்ணைவிட வினாவின் தரம் இன்னும் பெரியது. ‘எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எத்தனை நிலைகள்?’ என்று கேட்டால் முதல் தேர்விலேயே எல்லாரும் மூன்று என்று எழுதிவிடுவார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, 42 கழித்தல் 17 என்ற கணக்குக்கு 35 என்று விடை எழுதிய ஒரு குழந்தையின் நோட்டைக் காட்டலாம். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்றதும், அந்தக் குழந்தை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பத்தின் இடத்தில் 4இலிருந்து 1 போக 3. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. ‘குழந்தை என்ன செய்திருக்கிறது, அடுத்து அதன் கையில் எதைக் கொடுப்பீர்கள்?’ என்று கேட்டால், ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிற ஆசிரியரும், நான்கு பத்துக் குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்கிற ஆசிரியரும் உடனே தெரிந்துவிடுவார்கள். இந்த வினாவுக்குத் தொடக்கத்தில் எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று வினா வாரியாகத் தருகிற ஓர் அட்டவணை, மொத்தச் சராசரியைவிட வட்டாரத்துக்கு அதிகம் பயன்படும்.

பின்னூட்டத்தில் வேறொரு சிக்கல். பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளில் இது முதற்படி: பங்கேற்றவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பது. கற்றார்களா, நடைமுறையில் மாறினார்களா, பலன் கிடைத்ததா என்பவை அதற்கு மேலே உள்ள படிகள். பிடித்திருந்தது என்பதைக் கற்றதற்குச் சான்றாகக் காட்டும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

மாதிரி மையத்தில் 29 படிவங்கள் வந்தன. மொழிப்பாட அமர்வுக்கு எல்லாரும் ஐந்துக்கு 4 கொடுத்திருக்கிறார்கள், சராசரி 4. கணக்கு அமர்வுக்கும் சராசரி 4 தான். ஆனால் அங்கே 20 பேர் ஐந்தும், 7 பேர் இரண்டும், 2 பேர் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். மொழி அமர்வு எல்லாருக்கும் ஓரளவு பிடித்திருக்கிறது. கணக்கு அமர்வு இருபது பேரைக் கவர்ந்து ஒன்பது பேரைக் கைவிட்டிருக்கிறது. யார் அந்த ஒன்பது பேர்? படிவத்தில் பெயர் கேட்டால் உண்மை வராது; கருத்தாளர் பல நேரம் அதே ஒன்றியத்து சக ஆசிரியர்தான், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு போட யாருக்கும் மனம் வராது. ஆனால் ‘உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கலாம். அந்த ஒன்பதில் பெரும்பான்மை ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வந்திருந்தால் பொருள் விளங்கிவிடும். அரும்பு நிலைக் குழந்தைகளுடன் தரையில் உட்கார்ந்து குச்சி எண்ணும்போது, மற்ற நிலைக் குழந்தைகளோடு நான்காம், ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு அந்த அமர்வில் பதில் இல்லை.

எழுத்தில் வரும் கருத்துகளில் ‘பயனுள்ளதாக இருந்தது’ என்பதை எண்ணி வைத்தால் போதும். ‘செயல்பாட்டைச் செய்து பார்க்க நேரம் இல்லை’, ‘கையேட்டிலிருந்து வாசித்தார்கள்’ போன்றவற்றைச் சொன்னவர்களின் சொற்களிலேயே கொடுக்க வேண்டும். மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து வட்டாரத்துக்கும் இறங்கி வருகிற பயிற்சியில், செய்து காட்டியது ஒவ்வொரு படியிலும் குறைந்து, சொன்னது மட்டும் மிஞ்சும். அது எந்தப் படியில் நடந்தது என்பதை இத்தகைய வரிகள்தான் காட்டிக்கொடுக்கும். கடைசி அமர்வில் இல்லாத 11 பேரின் கருத்து இந்தப் படிவங்களில் இல்லை என்பதையும் அறிக்கை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

தொடர்பணி என்ற பகுதி ‘பள்ளிகள் தொடர்ந்து கண்காணிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியாக முடிந்துவிடுவதே அதிகம். யார், எந்தப் பள்ளிக்கு, எந்த வாரத்தில், எதைப் பார்க்கப் போகிறார் என்று இல்லாதவரை அது திட்டம் ஆகாது. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டால் நிலைமை புரியும். அந்த ஆண்டு அக்டோபர் 13இல் பள்ளி திறந்து, 24இல் தீபாவளி. நவம்பர் 27இல் அண்ணாமலையார் கோயிலில் கொடியேற்றம், டிசம்பர் 6இல் மகா தீபம். அதன்பின் அரையாண்டுத் தேர்வு. இந்த ஊரில் கொடியேறிவிட்டால் பள்ளி, போக்குவரத்து, அலுவலகம் எல்லாம் திருவிழாவை ஒட்டியே நகரும். ஆக, வகுப்பறைக்குப் போய்ப் பார்க்க நிம்மதியாகக் கிடைப்பது தீபாவளிக்கும் கொடியேற்றத்துக்கும் இடைப்பட்ட நான்கு முழு வாரங்கள்.

ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு பள்ளி என்று போனால் 24 பள்ளிகளைப் பார்க்கலாம். வரிசையை அறிக்கையின் முன்பகுதிகளே சொல்லிவிடும்: கடைசிப் பிற்பகலில் இல்லாத 11 பேரின் பள்ளிகள் முதலில், ஈராசிரியர் பள்ளிகள் அடுத்து. அங்கே பார்க்க வேண்டியவையும் இரண்டு மூன்றுதான். குழந்தைகள் நிலை வாரியாக உட்கார்ந்திருக்கிறார்களா? குச்சிக் கட்டுகள் அலமாரியில் இருக்கின்றனவா, கையில் இருக்கின்றனவா? ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றக் குழுக்களுக்கு வேலை இருக்கிறதா? பார்த்ததைக் குறுவள மையக் கூட்டத்தில் வைத்து, சமாளித்துக் காட்டிய ஆசிரியரையே மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். பல ஒன்றியங்களில் ஒரே குறை வந்தால், அது கீழ்பென்னாத்தூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். கருத்தாளர் பயிற்சியை அங்கிருந்துதான் திருத்த முடியும்.

மூன்றாம் பருவப் பயிற்சி 2023 ஜனவரி 2 முதல் 4 வரை நடந்தது. அதற்காகவும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 5ஆம் தேதிதான் பள்ளிக்கு வந்தார்கள். அக்டோபர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஜனவரிக்கான கால அட்டவணை போடுகிறவர் மாதிரி மையத்திலிருந்து மூன்று மாற்றங்களைச் செய்வார்: கடைசிப் பிற்பகலில் இருந்த பாடப்பொருளை இரண்டாம் நாள் காலைக்கு நகர்த்துவார், கணக்கு அமர்வில் ஈராசிரியர் பள்ளிக்கான வகுப்பு ஒன்றை முழுதாக நடத்திக் காட்டச் சொல்வார், முடிவுத் தேர்வைக் கடைசிப் பேருந்துக்கு முன்னால் வைப்பார்.